டைவர்டிகுலைட்டிஸ் சிடி: குடலுக்கு வெளியே இருக்கும் குமிழை எங்கே தவறவிடுகிறோம்

இடது அடிவயிற்றில் வலி, லேசான காய்ச்சல். சிடியில் சிக்மாய்டு பெருங்குடலின் சுவர் தடித்திருக்கிறது, பக்கத்துக் கொழுப்பு கலங்கியிருக்கிறது, சுவரை ஒட்டிச் சிறு பைகள் தெரிகின்றன. இந்தப் பைகளின் அழற்சிதான் டைவர்டிகுலைட்டிஸ். இங்கே நோயின் பெயரைச் சொல்வது சுலபம். சுவர்த் தடிப்பு, கொழுப்பின் கலங்கல், குடலுக்கு வெளியே காற்று என்ற மூன்று அடையாளங்களில் ஏதோ ஒன்றை மட்டும் நம்பி எழுதும்போதுதான் சறுக்கல் வருகிறது. மூன்றிலும் அதிகம் தவறிப்போவது அந்தக் காற்றுக் குமிழ்தான். சர்ஜனுக்கு அவசியமாகத் தெரியவேண்டியதும் அதுதான்.

முதலில் சுவரைப் பார்ப்போம். நன்றாக விரிந்த பெருங்குடலின் சுவர் பொதுவாக 3 மி.மீ.க்கு மேல் போகாது. சுருங்கிக் கிடக்கும் சிக்மாய்டில் எந்த நோயும் இல்லாமலே அது இரண்டு மடங்காகத் தெரியும். அதனால் குடலுக்குள் கொஞ்சமாவது காற்றோ திரவமோ இருக்கும் இடத்தைத் தேடி, அங்கே ஒரு பக்கச் சுவரை மட்டும் அளக்க வேண்டும். சுவர்கள் ஒட்டிக் கிடக்கும் இடத்தில் கோடு இழுத்தால் இரண்டு சுவரும் சேர்ந்தே அளவில் வந்துவிடும். சிக்மாய்டு வளைந்து வளைந்து போகும் குடல் என்பதால், ஆக்சியல் படத்தில் சாய்வாக வெட்டுப்பட்ட சுவரும் தடித்தது போலத் தெரியும். கரோனல் படத்தில் அதே இடத்தைப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

பல ஆண்டுகளாகப் பைகள் இருப்பவர்களுக்குக் குடல் சுவரின் தசையே தடித்துப்போகும். குடல் அடுக்கடுக்காக மடிந்து சுருங்கியிருக்கும், சுவர் 8 மி.மீ. கூட இருக்கலாம். ஆனால் சுற்றியுள்ள கொழுப்பு சுத்தமாக இருக்கும். அப்படியானால் அது பழைய நிலை. அதைக் கடும் அழற்சி என்று எழுதக் கூடாது.

அடுத்தது கொழுப்பு. வயிற்றுக் கொழுப்பின் அடர்த்தி சுமார் -100 HU. அழற்சி வந்தால் அதில் மெல்லிய சாம்பல் கோடுகளும் மங்கலும் தோன்றும். எந்தக் கோட்டையும் கலங்கல் என்று சொல்லும் முன் நான்கைந்து படங்கள் மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். குழாயாகத் தொடர்ந்து போனால் அது இரத்தக் குழாய். பிறகு அதே நோயாளியின் வலது பக்கக் கொழுப்போடும் தோலடிக் கொழுப்போடும் ஒப்பிடுங்கள். இதயச் செயலிழப்பு, அல்புமின் குறைவு, வயிற்றில் நீர்க்கோப்பு ஆகியவற்றில் எல்லாக் கொழுப்புமே கலங்கியிருக்கும். அந்த நோயாளியிடம் இந்த அடையாளத்துக்குப் பாதி மதிப்புதான்.

டைவர்டிகுலைட்டிஸில் சுவர் தடித்திருக்கும் அளவைவிடக் கொழுப்பின் கலங்கல் அதிகமாக இருக்கும். கோளாறு பைக்குள் தொடங்கிக் குடலுக்கு வெளியே பரவுவதால்தான் இந்தப் பொருத்தமின்மை. புற்றுநோயில் பெரும்பாலும் தலைகீழ்: சுவர் மிகத் தடிப்பு, குறுகிய நீளம், தடிப்பு தொடங்கும் விளிம்பு படிபோலத் திடீரென்று எழும், பக்கத்தில் நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருக்கும், கலங்கலோ கொஞ்சம்தான். பாதிக்கப்பட்ட பகுதி 10 செ.மீ.க்கு மேல் நீண்டு, இரு முனையிலும் மெல்ல மெல்ல இயல்பான குடலோடு கலந்தால் அழற்சிப் பக்கம் சாயலாம். இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் படங்களும் உண்டு. அங்கே ஒரு பக்கம் அடித்துச் சொல்லாமல் இருப்பதே சரி.

இப்போது காற்று. வயிற்றுக்கு வழக்கமாக வைக்கும் விண்டோவில் (W 400, L 40) கறுப்பு -160 HU-இல் தொடங்குகிறது. கொழுப்பு அதற்குச் சற்று மேலேதான் இருப்பதால் அதுவும் கருஞ்சாம்பலாகத் தெரியும். காற்று முழுக் கறுப்பு. கருஞ்சாம்பலுக்குள் 2 மி.மீ. கறுப்புப் புள்ளியை வேகமாக ஓட்டும் கண் பிடிக்காது. நுரையீரல் விண்டோவுக்கு (W 1500, L -600) மாற்றினால் கொழுப்பு வெளுத்துவிடும், காற்று மட்டும் கருமையாகத் தனித்து நிற்கும்.

விண்டோவை மாற்றினால் மட்டும் போதாது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 5 மி.மீ. தடிமனான படத்தில் 1 மி.மீ. குமிழ் ஐந்தில் ஒரு பங்குதான். மீதி நான்கு பங்கும் கொழுப்பு என்றால் சராசரி சுமார் -280 HU. நுரையீரல் விண்டோவில் அது கொழுப்பைவிடக் கொஞ்சம் மட்டுமே மங்கலாகத் தெரியும். குமிழ் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். அதனால் 1 அல்லது 1.25 மி.மீ. மெல்லிய படங்களைத் திறந்து, அவற்றில்தான் விண்டோவை மாற்றிப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. பைக்குள் இருக்கும் காற்றைப் பார்த்துவிட்டு 'துளை விழுந்துவிட்டது' என்று எழுதுவது. பைக்குள் இருக்கும் காற்று உருண்டையாக, ஓரம் வழவழப்பாக, மெல்லிய சுவர் சூழ இருக்கும். ஏதோ ஒரு கோணத்தில் அதன் கழுத்து குடலோடு சேர்வது தெரியும். வெளியே கசிந்த காற்றுக்குச் சுவரும் இல்லை, கழுத்தும் இல்லை. கொழுப்பின் இடுக்குகளில் ஒழுங்கற்று, சில வேளை வால் நீண்டு கிடக்கும்.

ஒரு மாதிரிப் படத்தை எடுத்துக்கொள்வோம். 62 வயதுப் பெண், மூட்டு நோய்க்குப் பிரெட்னிசோலோன் சாப்பிடுபவர். இரண்டு நாள் வலி, தொட்டால் வலி அவ்வளவு இல்லை, காய்ச்சலும் இல்லை. ஸ்டீராய்டு இந்த அறிகுறிகளை அமுக்கிவிடும் என்பதால் படத்தின் மேல் பொறுப்பு கூடுகிறது. 5 மி.மீ. படத்தில் சிக்மாய்டு 12 செ.மீ. நீளத்துக்குத் தடித்திருக்கிறது, சுவர் 7 மி.மீ., பைகள் பல, கலங்கல் நடுத்தரம். சீழ்க்கட்டி இல்லை. சாதாரண டைவர்டிகுலைட்டிஸ் என்று முடித்துவிடத் தோன்றும். 1 மி.மீ. படத்தில் நுரையீரல் விண்டோவை வைத்தால், சிக்மாய்டு மெசென்டரியின் கொழுப்பில் சுவரிலிருந்து 1 செ.மீ. தள்ளி மூன்று குமிழ்கள். ஒவ்வொன்றும் 2, 3 மி.மீ. ஒன்றுக்கு வால் இருக்கிறது. கரோனலில் தேடினாலும் எதற்கும் கழுத்து இல்லை. இனி இது துளை விழுந்த டைவர்டிகுலைட்டிஸ்.

குமிழ் கிடைத்த மகிழ்ச்சியில் அங்கேயே நின்றுவிடுவது அடுத்த தவறு. உதரவிதானத்தின் கீழும், கல்லீரலின் முன்பக்கமும், இடது சோவாஸ் தசையோரமும் பார்க்க வேண்டும். சிக்மாய்டின் மெசென்டரிப் பக்கம் துளை விழுந்தால் காற்று அதன் வழியே பின்வயிற்றுக்குள் ஏறிப்போக முடியும். கல்லீரலுக்கு முன் ஒன்றும் இல்லை என்பதால் எல்லாம் சரி என்று ஆகாது. சிறுநீர்ப்பையையும் ஒருமுறை பாருங்கள். கதீட்டர் போடாதவரின் சிறுநீர்ப்பையில் காற்று இருந்தால் குடலுக்கும் அதற்கும் இடையே வழி திறந்திருக்கிறதோ என்று தேட வேண்டும்.

ஆசியர்களிடம் இந்த நோய் வலது பக்கத்திலும் அதிகம் வருகிறது. சீக்கத்தருகே கலங்கல் தெரிந்ததும் குடல்வால் அழற்சி என்று எழுதிவிடாமல், குடல்வாலைக் கண்டுபிடித்து அது இயல்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிக்கையில் 'சிறிது காற்று உள்ளது' என்று மட்டும் எழுதினால் சர்ஜனால் எதுவும் தீர்மானிக்க முடியாது. குமிழ்கள் குடலை ஒட்டி மட்டுமா, தொலைவிலும் உண்டா, பெரிய குமிழ் எத்தனை மி.மீ., பக்கத்தில் திரவம் தேங்கியிருக்கிறதா, தேங்கியிருந்தால் எத்தனை செ.மீ. என்று எழுதுங்கள். 3, 4 செ.மீ.க்கு மேற்பட்ட சீழ்க்கட்டிக்குத்தான் ஊசி வழி வடிகால் வைக்கப் பொதுவாக யோசிப்பார்கள். புற்றுநோய்ச் சந்தேகம் மிச்சமிருந்தால் கொலோனோஸ்கோப்பியையும் பரிந்துரையுங்கள். ஆனால் அழற்சி அடங்கி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து என்று சேர்த்து எழுத வேண்டும். அழற்சியின் நடுவே காற்றை ஏற்றினால் அடைந்திருக்கும் துளை திறந்துகொள்ளக்கூடும்.