வாட்டம் குறைந்த தகரக் கூரை: ஆறு அங்குல லேப் ஏன் போதாது?

மொட்டைமாடியில் 24 அடி நீளத்துக்குத் தகரக் கொட்டகை, மொத்த வாட்டம் இரண்டே அடி. மேலே ஒரு ஷீட், கீழே ஒரு ஷீட், நடுவில் ஒன்றின்மேல் ஒன்று படியும் ஆறு அங்குல லேப். முதல் ஐப்பசி மழையிலேயே ஒழுகும்.

லேப்பின் நீளத்தைப் பார்க்கிறோமே தவிர, அது தரும் உயரத்தைப் பார்ப்பதில்லை. 12 அடிக்கு ஓர் அடி வாட்டத்தில் ஆறு அங்குல லேப்பின் மேல்முனை, கீழ்முனையைவிட அரை அங்குலம்தான் உயரம். அதுவே 20 டிகிரி சரிவில் இரண்டு அங்குலம். அரை அங்குலத் தண்ணீரை ஏற்றிவிட ஏறக்குறைய 50 கி.மீ. வேகக் காற்றின் முழு அழுத்தம் போதும். ஒட்டிக்கிடக்கும் இரண்டு தகடுகளின் இடுக்கில் நீர் காற்றில்லாமலே மேலேறும் என்பது வேறு. லேப்பை ஓர் அடியாக்கினாலும் கிடைப்பது ஓர் அங்குலம்தான். ஆகவே இவ்வளவு குறைந்த வாட்டத்தில் நீளத்தை மட்டும் நம்ப முடியாது, அடைப்பும் வேண்டும்.

அடைப்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. வேலையெல்லாம் முடிந்தபின் லேப்பின் வெளி விளிம்பில் சிலிக்கானைத் தீற்றுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும். வெயிலில் ஓரம் பிரிந்ததும் உள்ளே நுழைந்த நீர் வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கும். வினிகர் வாடை வீசும் சிலிக்கானாக இருந்தால் துத்தநாகப் பூச்சையும் அரிக்கும். செய்ய வேண்டியது, மேல் ஷீட்டைப் போடுவதற்கு முன்பே கீழ் ஷீட்டின்மேல் பியூட்டைல் டேப் என்ற பிசுபிசுப்பான ரப்பர் பட்டையை இரண்டு வரியாக ஒட்டுவது. ஸ்க்ரூ அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே இறங்க வேண்டும். டேப்பை இழுத்துக் கட்டினால் மேட்டில் ஒட்டி, பள்ளத்தில் அந்தரத்தில் நிற்கும். நீர் ஓடுவதோ பள்ளத்தில். எனவே ஒவ்வொரு பள்ளத்திலும் விரலால் அழுத்திப் படியவைக்க வேண்டும். லேப்புக்கு நேர் கீழே ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின் இல்லாவிட்டால் ஆள் மிதிக்கும்போது இடுக்கு வாய் திறக்கும், டேப்பும் பிய்ந்துவிடும்.

அடுத்தடுத்த ஷீட்டுகள் பக்கவாட்டில் சேரும் பக்க லேப்புக்கு ஓர் அலை போதும் என்பது நல்ல சரிவுக்குப் பொருந்தும். இங்கே ஒன்றரை அலையாவது விட்டு, மேட்டின்மேல் நீளவாக்கில் டேப் ஓட்ட வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து ஷீட் போடத் தொடங்குவது என்பதையும் பலர் யோசிப்பதில்லை. கூரை தெற்கே சரிந்து, வடகிழக்குக் காற்று அடிக்கும் இடமானால் மேற்கு ஓரத்தில் தொடங்கிக் கிழக்கே போக வேண்டும். அப்போதுதான் மேல் ஷீட்டின் விளிம்பு காற்றுக்கு முதுகு காட்டும்.

ஏற்கெனவே ஒழுகுகிறதா? லேப்பின் ஸ்க்ரூக்களைக் கழற்றி மேல் ஷீட்டைத் தூக்கிப் பாருங்கள். கீழ்த்தகட்டில் வெள்ளைப் பொடிபோல் ஒரு கறை இருக்கும். அதன் மேல் விளிம்புதான் நீர் ஏறிய எல்லை. அது கீழ்த்தகட்டின் மேல்முனையைத் தொட்டிருந்தால் குற்றவாளி லேப்தான். அந்தக் கோடு பாதியிலேயே நின்றிருந்தால் லேப்பை விட்டுவிட்டு ஸ்க்ரூ வாஷர்களைச் சோதியுங்கள்.