டெஸ்டர் இரண்டு துளையிலும் எரிகிறதா? ஆபரேஷன் தியேட்டரின் தனித்த மின் அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் கட்டி முடித்த ஒரு ஆபரேஷன் தியேட்டர். எலக்ட்ரீஷியன் சாக்கெட்டின் ஒரு துளையில் டெஸ்டரை வைத்தார், எரிந்தது. அடுத்த துளையில் வைத்தார், அதுவும் எரிந்தது. மல்டிமீட்டரில் இரண்டு துளைக்கும் நடுவே 230 வோல்ட் சரியாக இருந்தது. ஆனால் எர்த்துக்கு வைத்துப் பார்த்தால் இந்தப் பக்கமும் ஏறத்தாழ 115, அந்தப் பக்கமும் 115. "நியூட்ரல் எங்கேயோ கட் ஆயிருக்கு சார்" என்று சொல்லிவிட்டு, பேனலில் ஒரு வயரை எர்த்தோடு சேர்த்து முறுக்கினார். உடனே சுவரில் இருந்த அலாரம் அலற ஆரம்பித்தது. அலாரம் பெட்டியில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, அதன் வயரையும் கழற்றிவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது தியேட்டரில் எல்லாம் "சரியாக" ஓடிக்கொண்டிருந்தது.

அவர் திறமையான ஆள்தான். வீட்டு வயரிங்கில் அவர் செய்தது நியாயமான சந்தேகம். இங்கே மட்டும் அது தலைகீழ்.

வீட்டில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. லைன் வயர் ஒரு கருவியின் உலோக உடலைத் தொட்டால் பெரிய கரன்ட் ஓடி பிரேக்கர் விழும். வீட்டுக்கு அது நல்லது. நெஞ்சைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் வென்டிலேட்டர் அப்படி நின்றுபோகக் கூடாது. அதனால் தியேட்டருக்குள் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, அதன் செகண்டரியில் எந்த முனையையும் எர்த்தோடு சேர்க்காமல் விடுகிறோம். இரண்டு வயரும் மிதக்கின்றன. ஒரு வயர் எர்த்தைத் தொட்டாலும் கரன்ட் திரும்பிப் போக வழியில்லை. கேபிளுக்கும் எர்த்துக்கும் இடையே இயல்பாக இருக்கும் கெபாசிட்டன்ஸ் வழியாகக் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். அந்தக் கெபாசிட்டன்ஸ் 10 நானோஃபேரட் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் சுமார் 0.7 மில்லி ஆம்பியர். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், அலாரம் மட்டும் அடிக்கும்.

ஆகவே டெஸ்டர் இரண்டு பக்கமும் எரிவதும், எர்த்துக்கு 115, 115 காட்டுவதும்தான் நல்ல நிலையின் அடையாளம். ஒரு பக்கம் 0, மறுபக்கம் 230 என்று வந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஒரு வயர் எங்கோ எர்த்தைத் தொட்டுவிட்டது என்று பொருள்.

அலாரத்தைத் தப்பாகப் படிப்பது

ஐஇசி 60364-7-710 என்ற தரநிலைப்படி, மிதக்கும் அந்த வயர்களுக்கும் எர்த்துக்கும் இடையேயான இன்சுலேஷன் 50 கிலோ ஓமுக்கு இறங்குவதற்குள் அலாரம் வந்தாக வேண்டும். பச்சை விளக்கு என்றால் எல்லாம் சரி. மஞ்சள் விளக்கு எரிந்தால் இன்சுலேஷன் இறங்கிவிட்டது. பீப் சத்தத்தை நிறுத்திக்கொள்ளலாம், மஞ்சள் விளக்கை அணைக்க முடியாது. கோளாறு நீங்கினால்தான் அது அணையும். பேனலும் சர்ஜரி நடக்கும்போது ஆட்கள் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். எலக்ட்ரிக்கல் ரூமுக்குள் மாட்டி வைத்திருக்கும் பேனல்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே அது யாரைப் பார்த்துக் கூவும்?

மஞ்சள் விளக்கு எரிந்ததும் இரண்டு விதமான தவறு நடக்கிறது. பதறிப்போய் பிளக்குகளைப் பிடுங்குவது ஒன்று. சத்தத்தை நிறுத்திவிட்டு மறந்துபோவது இன்னொன்று. அலாரம் வந்த நொடியில் நோயாளிக்கு ஷாக் அடித்துவிடவில்லை. தியேட்டரின் சப்ளை சாதாரண வீட்டு சப்ளை போல ஆகிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வயர் எர்த்தை நோக்கி இறங்கிவிட்டது. இனி எதிர்ப் பக்க வயரிலும் கோளாறு வந்தால் ஷார்ட் சர்க்யூட்தான், பிரேக்கர் விழும். எனவே நடக்கும் சர்ஜரி நடக்கட்டும். புதிதாக எதையும் சொருகாதீர்கள். உயிர்காக்கும் கருவி அல்லாதவற்றை, கடைசியாகச் சொருகியதில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

இந்தக் கழற்றிப் பார்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இன்சுலேஷனை அளந்து அலாரம் அடிக்கும் மானிட்டர் ஒவ்வொரு அளவீட்டுக்கும் சில நொடிகள் எடுத்துக்கொள்ளும். சிஸ்டத்தில் கெபாசிட்டன்ஸ் அதிகமிருந்தால் இன்னும் நேரமாகும். ஒரு லாப்ராஸ்கோபியின் நடுவே ரீடிங் 38 கிலோ ஓமுக்கு வந்துவிட்டது. டெக்னீஷியன் வார்மரைக் கழற்றினார், மாறவில்லை. சக்ஷனைக் கழற்றினார், அதுவும் இல்லை. மூன்றாவதாக ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டைக் கழற்றி, உடனே மறுபடி சொருகிவிட்டார். நான் அவரைப் பத்து வரை எண்ணச் சொல்லி, திரும்பவும் கழற்றச் சொன்னேன். எட்டு எண்ணும்போது ரீடிங் ஒரு மெகா ஓமுக்கு மேல் ஏறியது. தரையில் கிடந்த அந்த போர்டுக்குள் சலைன் புகுந்திருந்தது. போர்டு போனது போகட்டும், அதில் சொருகியிருந்த மூன்று கருவிகளும் சுவர் சாக்கெட்டில் நேராக ஓடின. தியேட்டர் தரையில் எக்ஸ்டென்ஷன் போர்டு கிடப்பதே தப்பு என்பது தனிக் கதை.

இன்னொரு குழப்பம் அமெரிக்க கையேடுகளைப் படிப்பதால் வருவது. அங்கே என்எஃப்பிஏ 99 விதிப்படி லைன் ஐசொலேஷன் மானிட்டர் 5 மில்லி ஆம்பியரில் அலறும். அது கிலோ ஓமைக் காட்டுவதில்லை. இப்போது ஒரு வயர் எர்த்தைத் தொட்டால் எவ்வளவு கரன்ட் ஓடக்கூடும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்கிறது. கெபாசிட்டன்ஸ் வழியாகக் கசிவதும் அந்தக் கணக்கில் சேரும். ஆகவே நல்ல நிலையில் உள்ள பத்து கருவிகளைச் சேர்த்துச் சொருகினாலும் அது அடிக்கக்கூடும். ஒவ்வொரு கருவியின் ஃபில்டரும் கொஞ்சம் கசிய, எல்லாம் கூடி 5 மில்லி ஆம்பியரைத் தொட்டுவிடும். கிலோ ஓம் காட்டும் மானிட்டர் அந்தக் கசிவை அப்படி எண்ணாது. உங்கள் தியேட்டரில் எது இருக்கிறது என்று தெரியாமல் கோளாறைத் தேடினால், கோளாறே இல்லாத கருவியைப் பிரித்துப் போடுவீர்கள்.

டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாகப் போடுவது

"இருக்கட்டும் சார், பெரிசாவே போட்டுடலாம்." இதைக் கேட்காத தியேட்டர் இல்லை. சுவரில் 24 சாக்கெட் இருந்தால், ஒவ்வொன்றையும் 6 ஆம்பியரில் எண்ணி 33 கே.வி.ஏ. என்று கணக்குப் போடுவார்கள். அப்புறம் அந்த ஐஇசி தரநிலை ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்கு 10 கே.வி.ஏ.வுக்கு மேல் விடாது என்று தெரிந்து, 10-ஐ வாங்கிப் போடுவார்கள். சாக்கெட்டை எண்ணக்கூடாது, கருவிகளை எண்ண வேண்டும்.

ஒரு சாதாரண ஜெனரல் சர்ஜரி தியேட்டருக்கு நான் போட்ட கணக்கு இது. அனஸ்தீசியா மெஷின் 300 வி.ஏ., நோயாளி மானிட்டர் 100, காட்டரி 1000, நோயாளிக்கான ஏர் வார்மர் 800, ஃப்ளூயிட் வார்மர் 300, மேல் விளக்குகள் 200, லாப்ராஸ்கோபி டவர் 800, ஊசி பம்புகள் 150, சக்ஷன் 300, டேபிள் 500. மொத்தம் 4450. ஆனால் காட்டரி சில நொடிகள்தான் இழுக்கும், டேபிள் அசையும்போது மட்டும்தான். ஒரே நேரத்தில் ஓடுவது 3300-ஐத் தாண்டாது. பின்னால் வரும் கருவிகளுக்கு இடம் விட்டு 5 கே.வி.ஏ. போதும். சி-ஆர்ம் எக்ஸ்ரே மெஷின், 5 கே.வி.ஏ.க்கு மேற்பட்ட பெரிய கருவிகள் எல்லாம் இந்த டிரான்ஸ்ஃபார்மரில் வரத் தேவையில்லை. அவற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்சிசிபி உள்ள தனி சர்க்யூட் கொடுக்கலாம்.

பெரிதாகப் போட்டால் என்ன நஷ்டம்? பெரிய டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றிலிருந்து எர்த்துக்குக் கசிவு கூடும். மிச்சம் இருக்கிறதே என்று பக்கத்துத் தியேட்டரையும் அதில் சேர்ப்பார்கள். கேபிள் நீளும், கெபாசிட்டன்ஸ் ஏறும். அங்கே நடந்த கோளாறுக்கு இங்கே அலாரம் அடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, ஸ்விட்ச் போடும் கணத்தில் அது இழுக்கும் கரன்ட் பெரிதாகிவிடும்.

அந்தக் கணம்தான் பலரும் யோசிக்காதது. ஸ்விட்ச் போட்டதும் டிரான்ஸ்ஃபார்மர் தன் இயல்பான கரன்டைப் போல 12 மடங்கு வரை ஒரு நொடிப்பொழுது இழுக்கலாம். 5 கே.வி.ஏ.வுக்கு இயல்பு 22 ஆம்பியர், ஆக 260 ஆம்பியர் வரை. முன்னால் 25 ஆம்பியர் சி-டைப் எம்சிபி இருந்தால் அது 125 முதல் 250 ஆம்பியருக்குள் உடனே விழுந்துவிடும். கமிஷனிங் அன்று ஒரு தடவை போட்டுப் பார்ப்பார்கள், நிற்கும். அலையின் எந்த இடத்தில் ஸ்விட்ச் விழுகிறது என்பதைப் பொறுத்து இந்தக் கரன்ட் மாறும். அதனால் ஒரு நாள் நடுச் சர்ஜரியில் பவர் கட் ஆகி, ஜெனரேட்டர் வந்து, சேஞ்ச்ஓவர் விழும்போது எம்சிபி சாய்ந்துவிடும். ஆஸ்பத்திரி முழுக்க கரன்ட் இருக்கும், அந்தத் தியேட்டரில் மட்டும் இருக்காது. 32 ஆம்பியர் டி-டைப்போ ஃப்யூஸோ போட்டு, அதைத் தாங்கும் கேபிளும் போட்டு, கமிஷனிங்கில் குறைந்தது இருபது முறையாவது ஆஃப் செய்து ஆன் செய்து பாருங்கள்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னும் பின்னும் உள்ள மெயின் ஃபீடரில் ஓவர்லோடுக்காகப் பிரேக்கர் போடக்கூடாது என்பதும் இதே தரநிலையில்தான் இருக்கிறது. அங்கே ஷார்ட் சர்க்யூட்டுக்கு மட்டும் பாதுகாப்பு. ஓவர்லோடும் சூடும் அலாரமாகத்தான் வர வேண்டும். எதை அணைப்பது என்று ஆள்தான் முடிவெடுக்க வேண்டும். ஏர் வார்மரா, வென்டிலேட்டரா என்பது எம்சிபிக்குத் தெரியாது.

டெஸ்ட் பட்டனை மட்டும் நம்புவது

பேனலில் உள்ள டெஸ்ட் பட்டன் மானிட்டரை உள்ளுக்குள்ளேயே சோதிக்கும். சாக்கெட்டின் எர்த் பின் உண்மையில் எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. தியேட்டர் காலியாக இருக்கும் நாளில், ஒரு பழைய பிளக்குக்குள் 47 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டரை ஒரு லைன் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே வைத்து, ஒவ்வொரு சாக்கெட்டிலும் சொருகிப் பாருங்கள். சில நொடிகளில் மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். அடுத்து ரெசிஸ்டரை மற்ற லைனுக்கு மாற்றி இன்னொரு சுற்று. ஒரு சாக்கெட்டில் மட்டும் எரியவில்லை என்றால் அந்த சாக்கெட்டின் எர்த் வயர்தான் விடுபட்டிருக்கும்.

அந்தப் புதிய தியேட்டருக்குத் திரும்பி வருகிறேன். நியூட்ரல் என்று நினைத்து முறுக்கிய வயரைப் பிரித்தோம், அலாரம் பெட்டியை மறுபடி மாட்டினோம், பச்சை வந்தது. எலக்ட்ரீஷியன் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் எரிந்தது. சிரித்தார். பேனல் கதவின் உள்பக்கம் அவரே மார்க்கரில் எழுதி வைத்தார்: "இங்கே டெஸ்டர் ரெண்டு ஓட்டையிலும் எரியும். எர்த்தோட சேக்காதே."