கன்வெர்ட்டபிள் டிபென்ச்சர்: கடனையும் ஈக்விட்டியையும் பிரித்து, வருடா வருடம் வட்டிச் செலவு எழுதுவது எப்படி

பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமையோடு வரும் கடனீட்டுப் பத்திரத்தை முதன்முறை கணக்கில் ஏற்றியபோது, என் ஷெட்யூல் கடைசி வருடத்தில் ஒரு கோடியில் வந்து நிற்கவில்லை. சுமார் 2.4 லட்சம் குறைந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அந்த இடத்தை இங்கே நிதானமாக விளக்குகிறேன், மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தற்போதைய மதிப்பு, பேரேட்டுப் பதிவு இரண்டும் உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இது இண்ட் ஏஎஸ் பின்பற்றும் நிறுவனங்களுக்கான முறை. பிரிப்பது இண்ட் ஏஎஸ் 32-இன்படி, வட்டி எழுதுவது இண்ட் ஏஎஸ் 109-இன்படி. பழைய ஏஎஸ் முறையிலேயே இருக்கும் நிறுவனத்தில் இப்படிப் பிரிக்கும் வழக்கம் இல்லை.

முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

கணக்குப் போடும் முன் ஒரே ஒரு விஷயத்தைத் தேடுங்கள்: ஒரு டிபென்ச்சருக்கு எத்தனை பங்கு என்பது இப்போதே எண்ணாக எழுதப்பட்டிருக்கிறதா? "ஆயிரம் ரூபாய் டிபென்ச்சர் ஒன்றுக்கு 20 பங்கு" என்றிருந்தால் தொடரலாம். "மாற்றும் நாளன்று உள்ள சந்தை விலைப்படி" என்றிருந்தால் இந்த முறை பொருந்தாது. அங்கே மாற்றும் உரிமை ஈக்விட்டி ஆகாது. கடன் பக்கத்திலேயே நிற்கும், அதன் அளவீடும் வேறு.

எடுத்துக்கொள்ளும் கணக்கு

ஆயிரம் ரூபாய் முகமதிப்பில் 10,000 டிபென்ச்சர்கள், மொத்தம் ஒரு கோடி. வட்டி 6%, வருட முடிவில் தரவேண்டும். மூன்று வருடம் முடிந்ததும், முதலீட்டாளர் விரும்பினால் ஒவ்வொன்றுக்கும் 20 பங்கு வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். மாற்றும் உரிமை இல்லாத இதே மாதிரிக் கடனை இந்த நிறுவனம் வெளியே வாங்கினால் 10% வட்டி கேட்பார்கள்.

அந்த 10%-தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதே மூன்று வருடம், அதே அளவு அடமானம், அதே நிறுவனம் என்று ஒப்பிட்டுப் பெற்ற விகிதமாக அது இருக்க வேண்டும். வங்கி கொடுத்த எழுத்துபூர்வமான கடன் சலுகைக் கடிதம் இருந்தால் அதைக் கோப்பில் வையுங்கள். அடமானத்தோடு வாங்கிய வீட்டுக்கடன் மாதிரியான ஒன்றின் விகிதத்தை எடுத்து, அடமானம் இல்லாத டிபென்ச்சருக்குப் போடாதீர்கள். அப்படிச் செய்தால் கடன் பகுதி ஊதிப் போய், ஈக்விட்டி பகுதி சுருங்கிவிடும்.

பிரிப்பது

கடன் பகுதியைத்தான் முதலில் கணக்கிட வேண்டும். மீதி எவ்வளவோ அது ஈக்விட்டி. இந்த வரிசையை மாற்றக் கூடாது.

```
=PV(10%, 3, -600000, -10000000)
```

விடை 90,05,259. வருடா வருடம் கொடுக்கப்போகும் ஆறு லட்சம் வட்டியின் இன்றைய மதிப்பு 14,92,111, மூன்றாம் வருடம் திருப்பித் தரவேண்டிய ஒரு கோடியின் இன்றைய மதிப்பு 75,13,148. இரண்டையும் கூட்டினால் அந்தத் தொகை. ஒரு கோடியில் அதைக் கழித்தால் 9,94,741. இது ஈக்விட்டி பகுதி.

இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்பதை மனதில் வாங்கிக்கொண்டால் பிறகு குழப்பம் வராது. 10% கேட்கவேண்டிய முதலீட்டாளர் 6%-க்குச் சம்மதித்தது பங்காக மாற்றும் உரிமைக்காக. அந்த உரிமைக்கு அவர் இன்று தந்த விலை 9,94,741. நிறுவனம் மிச்சப்படுத்தியதாக நினைக்கும் 4% வட்டி, உண்மையில் ஈக்விட்டியாக முன்கூட்டியே கைக்கு வந்துவிட்டது.

கூப்பன் விகிதமான 6%-ஐ வைத்துத் தள்ளுபடி செய்தால் விடை சரியாக ஒரு கோடி வரும், ஈக்விட்டி பூஜ்ஜியமாகும். உங்கள் தாளில் ஈக்விட்டி பூஜ்ஜியம் என்று வந்தால் அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

வெளியீட்டுச் செலவு: நான் சிக்கிய இடம்

முத்திரைத் தீர்வை, வழக்கறிஞர் கட்டணம், டிரஸ்டி கட்டணம் எல்லாம் சேர்த்து 2,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இதை நேராக லாப நஷ்டக் கணக்கில் தள்ளக் கூடாது. கடனுக்கும் ஈக்விட்டிக்கும் எந்த விகிதத்தில் பணம் பிரிந்ததோ, அதே விகிதத்தில் செலவும் பிரியும்.

கடன் பகுதிக்கு 1,80,105. ஈக்விட்டிக்கு 19,895. ஆக, கடன் 88,25,154-இல் தொடங்கும். ஈக்விட்டி 9,74,846. இரண்டும் சேர்ந்தால் கைக்கு வந்த நிகரத் தொகையான 98 லட்சம். ஈக்விட்டிக்குப் பிரிந்த செலவு ஈக்விட்டியிலேயே கழிந்துவிடும், எந்த வருடமும் லாப நஷ்டக் கணக்குக்கு வராது.

இதுவரை சரியாகத்தான் செய்திருந்தேன். அப்புறம் 88,25,154-இன் மேல் அதே 10%-ஐப் போட்டேன். மூன்றாம் வருட முடிவில் 97,60,280 வந்தது. குறைந்தது 2,39,720. அந்த வித்தியாசத்தை மூன்றாம் வருட வட்டியோடு சேர்த்து முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆடிட்டர் அந்த ஒரு வரியைத்தான் சுட்டிக்காட்டினார்.

காரணம் எளிது. 10% என்பது பிரிக்க உதவிய சந்தை விகிதம். செலவைக் கழித்தபின் நிறுவனத்தின் கையில் நிற்பது 88,25,154 மட்டும், கொடுக்கப்போவது அதே ஆறு லட்சங்களும் ஒரு கோடியும். குறைந்த பணத்துக்கு அதே தொகையைத் திருப்பித் தருவதால் உண்மையான விலை 10%-ஐ விடக் கூடும். அந்தப் புதிய விகிதத்தைத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குப் பயனுறு வட்டி விகிதம் என்று பெயர்.

```
=RATE(3, -600000, 8825154, -10000000)
```

விடை 10.79%. குறிகளைக் கவனியுங்கள். வரும் பணம் கூட்டல், போகும் பணம் கழித்தல். மூன்றையும் கூட்டலாகக் கொடுத்தால் பிழை வரும், இல்லை அபத்தமான விடை வரும். விகிதத்தை இரண்டு தசமத்தில் வெட்டித் தட்டச்சு செய்யாமல், அந்தக் கட்டத்தையே அடுத்த சூத்திரங்களில் சுட்டுங்கள். இல்லையென்றால் கடைசியில் சில்லறை வித்தியாசம் தொங்கும்.

பிரிக்க ஒரு விகிதம், வட்டி எழுத இன்னொரு விகிதம். வெளியீட்டுச் செலவே இல்லையென்றால் மட்டும் இரண்டும் ஒன்றாக இருக்கும். பாடப்புத்தகக் கணக்குகளில் பெரும்பாலும் செலவு இருக்காது, அதனால்தான் இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

வருட ஷெட்யூல்

```
வருடம்   தொடக்கம்    வட்டிச் செலவு   கொடுத்தது    முடிவு
1        88,25,154    9,52,241       6,00,000    91,77,395
2        91,77,395    9,90,248       6,00,000    95,67,643
3        95,67,643    10,32,357      6,00,000    1,00,00,000
```

தொடக்க இருப்பை விகிதத்தால் பெருக்கினால் வட்டிச் செலவு. அதிலிருந்து கொடுத்த கூப்பனைக் கழித்து, மீதியைக் கடனோடு சேர்க்கிறோம். இருப்பு கூடுவதால் வட்டிச் செலவும் வருடா வருடம் கூடும். சமமாகப் பிரித்து எழுதுவது தவறு.

ஷெட்யூலைச் சோதிக்க ஒரு கூட்டல் போதும். மூன்று வருட வட்டிச் செலவு 29,74,846. கொடுத்த கூப்பன் 18,00,000. வித்தியாசம் 11,74,846. இது ஈக்விட்டிக்குப் போன 9,94,741-ம் கடன் பகுதியின் செலவான 1,80,105-ம் சேர்ந்த தொகை. இது ரூபாய் சுத்தமாக ஒத்துப்போனால் அடுத்த படிக்குப் போங்கள்.

முதல் நாள் பதிவு: வங்கிக் கணக்கு பற்று 98,00,000, டிபென்ச்சர் கடன் வரவு 88,25,154, ஈக்விட்டி பகுதி வரவு 9,74,846. முதல் வருட முடிவில்: நிதிச் செலவு பற்று 9,52,241, வங்கி வரவு 6,00,000, டிபென்ச்சர் கடன் வரவு 3,52,241. டிடிஎஸ் பிடித்தம் இருந்தால் அந்த ஆறு லட்சத்துக்குள்ளேயே வரும். ஈக்விட்டி பகுதியை எந்த வருடமும் மறுமதிப்பீடு செய்யத் தேவையில்லை, பங்கு விலை என்ன ஆனாலும்.

கருவி விஷயத்தில் என் கருத்து: இதை கணக்கு மென்பொருளுக்குள் செய்ய முயலாதீர்கள். ஒரு விரிதாளில் ஷெட்யூலைப் போட்டு, வருடத்துக்கு ஒரு பதிவை மட்டும் மென்பொருளில் ஏற்றுவதே நல்லது. ஆடிட்டர் கேட்பதும் அந்தத் தாளைத்தான்.

மூன்றாம் வருட முடிவில்

எல்லோரும் மாற்றிக்கொண்டால் கடன் இருப்பான ஒரு கோடி ஈக்விட்டிக்கு நகரும். பத்து ரூபாய் முகமதிப்பில் 2,00,000 பங்குகள் என்றால், 20 லட்சம் பங்கு மூலதனம், 80 லட்சம் பங்கு முனைமம். லாபமோ நஷ்டமோ எழுதக் கூடாது. யாரும் மாற்றாமல் பணத்தைத் திருப்பிக் கேட்டால் கடன் மட்டும் தீரும். ஈக்விட்டி பகுதியை ஈக்விட்டிக்குள்ளேயே வேறு தலைப்புக்கு மாற்றலாம், லாபமாகக் காட்ட முடியாது.

பிற்சேர்க்கை 1: அக்டோபர் 1-இல் வெளியிட்டிருந்தால்?

இதைக் கேட்டு ஒரு வாசகர் எழுதியிருந்தார், நியாயமான கேள்வி. மார்ச் 31 வரை 182 நாள். முதல் வருட வட்டியான 9,52,241-ஐ 182/365-ஆல் பெருக்கினால் சுமார் 4.75 லட்சம் வருகிறது. ஆனால் நம் விகிதம் வருடக் கூட்டுவட்டி என்பதால், சரியான சூத்திரம் இது:

```
=8825154*((1+விகிதம்)^(182/365)-1)
```

விடை சுமார் 4.63 லட்சம். மீதி அடுத்த நிதியாண்டின் முதல் பாதியில் வரும். கூப்பன் இன்னும் கொடுக்கப்படாததால், மார்ச் 31 அன்று கடன் இருப்பு இந்த முழுத் தொகையாலும் கூடியிருக்கும்.

பிற்சேர்க்கை 2: கட்டாயம் மாற்றவேண்டிய டிபென்ச்சர்

இன்னொருவர் இதே தாளை சிசிடி-க்குப் பயன்படுத்தி, கடன் 90 லட்சம் என்று எழுதிவிட்டாராம். அங்கே அசலைத் திருப்பித் தரும் கடமையே கிடையாது. பங்கு எண்ணிக்கையும் முன்பே நிலையாக இருந்தால், கடன் என்பது மூன்று வருட வட்டி மட்டும். வெளியீட்டுச் செலவு இல்லை என்று வைத்தால் கடன் 14,92,111, ஈக்விட்டி 85,07,889. முதல் வருட வட்டிச் செலவு 1,49,211 மட்டுமே. கொடுக்கும் ஆறு லட்சத்தில் மீதி கடனைக் குறைக்கும். இருப்பு 10,41,322, அடுத்த வருடம் 5,45,455, மூன்றாம் வருட முடிவில் பூஜ்ஜியம். சிசிடி-யில் உங்கள் கடன் இருப்பு வருடா வருடம் ஏறிக்கொண்டே போனால், அசல் தவறாக உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம்.