சிம்மை வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறாதீர்கள்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்டப் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். வெளிநாடு போகிறவர்கள் பெரும்பாலும் கடைசி நாளில்தான் வருவார்கள். கவர் மாற்ற வேண்டும், பழைய போனைத் தம்பிக்குக் கொடுக்கத் துடைத்துத் தர வேண்டும் என்பார்கள். நாலைந்து நாள் கழித்து அதே வீட்டிலிருந்து இன்னொருவர் வருவார்: “அண்ணை, அவனுக்கு ஜிமெயில் திறக்குதில்லையாம், ஒருக்காப் பாருங்கோ.”

கண்ட இணைப்பை அமுக்காதே, கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லாதே என்பதையெல்லாம் எல்லாரும் சொல்லியாயிற்று. நான் எழுதுவது, நானே செய்து மாட்டுப்பட்டு, பிறகு மற்றவர்களும் அப்படியே செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிழைகளை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

கூகுள் உங்களைக் கடவுச்சொல்லை மட்டும் வைத்து அடையாளம் காண்பதில்லை. எந்தப் போன், எந்த இணைப்பு, எந்த ஊர் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. பழைய போனோடு புது ஊருக்குப் போனால் பெரும்பாலும் சிக்கலில்லை. ஊரில் இருந்தபடியே புதுப் போன் வாங்கினாலும் சரி. போன், சிம், ஊர் மூன்றும் ஒரே இரவில் மாறினால், கள்ளன் ஒருவன் உங்கள் கணக்கைத் திறக்க வந்தாலும் அது அப்படித்தான் தெரியும்.

என் அக்காவின் மகன் கொக்குவிலிலிருந்து ரொறன்ரோவுக்குப் படிக்கப் போனான். அங்கே சித்தி புதுப் போன் வாங்கி வைத்திருக்கிறா என்று, பழையதைத் துடைத்துத் தம்பியிடம் கொடுத்துவிட்டான். சிம்மும் அதற்குள்ளேயே போய்விட்டது. கடவுச்சொல்லை அந்தப் போன்தான் இவ்வளவு காலமும் ஞாபகம் வைத்திருந்தது, இவனுக்குப் பாடமில்லை. ரொறன்ரோவில் இரண்டு மூன்று தரம் பிழையாக அடித்துவிட்டு Forgot password? என்பதை அமுக்கினான்.

கூகுள் குறுஞ்செய்தியில் அனுப்பிய உறுதிப்படுத்தும் குறியீடு சிம்மைத் தேடிக் கொக்குவிலுக்குப் போனது. ரொறன்ரோவில் இரவு ஒன்பது மணி என்றால் கோடைகாலத்தில் இங்கே விடிய ஆறரை. தம்பி எழும்பி வாசித்துச் சொல்வதற்குள் முதல் குறியீடு காலாவதியாகிவிட்டது. இரண்டாவது சரியாகப் போனது. அப்படியிருந்தும் இந்தக் கணக்கு உங்களுடையது என்று உறுதிசெய்ய முடியவில்லை என்றே வந்தது. பெடியனுக்கு அதுதான் விளங்கவில்லை. “மாமா, கோட் சரிதானே, பிறகேன் விடுறான் இல்லை?” குறியீடு ஒரு சாட்சி மட்டும்தான். மற்றச் சாட்சிகள் எல்லாம் எதிராக நின்றால் அது ஒன்று போதாது.

பிறகு அவன் செய்ததுதான் பெரிய பிழை. அன்றிரவு மட்டும் ஏழெட்டுத் தரம் முயன்றான். சித்தியின் போன், அறைத்தோழனின் கணினி, கடைசியில் வேறு ஊரிலிருந்து வருவதுபோல் காட்டும் வி.பி.என். போட்டுச் சிங்கப்பூர். பத்து நிமிடத்தில் ரொறன்ரோவிலிருந்து சிங்கப்பூர் போகிற மனிதன் யார்? தோற்றுப்போன ஒவ்வொரு முயற்சியும் சந்தேகத்தைக் கூட்டும். கடைசியில் முயற்சிகள் அதிகம், சில மணி நேரம் பொறுத்து வா என்று கதவைச் சாத்திவிட்டது.

கடவுச்சீட்டை அனுப்பட்டுமா என்று கேட்டான். சாதாரண ஜிமெயில் கணக்கை மீட்க அடையாள அட்டையைக் காட்டுகிற வழி கூகுளில் இல்லை, போன் எடுத்துப் பேசவும் ஆளில்லை. ‘நாங்கள் மீட்டுத் தருவோம்’ என்று எண் போட்டு விளம்பரம் செய்கிறவர்கள் காசு பறிக்கிறவர்கள்தான்.

சரி, என்ன செய்தோம்? இரண்டு நாள் ஒருவரும் அந்தக் கணக்கைத் தொடவில்லை. கொக்குவில் வீட்டில் அவன் ஏ.எல். படிக்கும்போது பாவித்த பழைய மடிக்கணினி கிடந்தது. அதே பிரவுசர், அதே வீட்டு வைஃபை. மூன்றாம் நாள் தம்பி அதிலிருந்து மீட்பைத் தொடங்கினான். சிம்மும் கையில் இருந்தது. முதல் முயற்சியிலேயே புதுக் கடவுச்சொல் வைக்க விட்டது. கூகுளின் கண்ணில், ஊரை விட்டுப் போகாதது அந்த மடிக்கணினி ஒன்றுதான்.

அந்தக் கடவுச்சொல்லோடு உடனே ரொறன்ரோவில் நுழைய நான் விடவில்லை. தம்பி 2-Step Verification பக்கத்துக்குப் போய் போனிலேயே குறியீடு உண்டாக்கும் Authenticator செயலியைத் தெரிந்தெடுத்தான். திரையில் வந்த கட்டக்கட்டமான கியூஆர் படத்தை வீடியோ அழைப்பில் காட்ட, அங்கே அவன் புதுப் போனில் அதைப் படம்பிடித்தான். அவன் போனில் வந்த ஆறு இலக்கத்தைச் சொல்ல, தம்பி இங்கே அடித்தான். பொருந்தியது. அதன்பிறகு சிம் எங்கே கிடந்தாலும் குறியீடு அவன் கையிலேயே பிறக்கும். அந்தப் படத்தைப் பார்த்த எவரும் குறியீடு எடுக்கலாம் என்பதால், இதை வீட்டாரோடு மட்டும் செய்யுங்கள்.

Backup codes எடுக்காமல் போவது

குறியீடு வாங்க வழியில்லாதபோது அடிப்பதற்குக் கூகுள் முன்கூட்டியே தருபவை இவை: எட்டு இலக்கத்தில் பத்து எண்கள். ஒன்றை ஒரு தரம்தான் பாவிக்கலாம். ஒரு துண்டில் எழுதிக் கடவுச்சீட்டு உறைக்குள் வையுங்கள், இன்னொரு பிரதியை அம்மாவிடம் கொடுங்கள். படமெடுத்து அதே ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிம்மைக் கழற்றுவது

இது என் சொந்தக் கதை. பலாலியிலிருந்து சென்னைக்கு ஒரு கலியாணத்துக்குப் போனேன். இறங்கியவுடன் உள்ளூர் சிம் போட்டு, எங்கள் சிம்மை ஒரு பற்றுச்சீட்டில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தேன். சட்டை சலவைக்குப் போனது, சிம்மும் போனது. வங்கிச் செயலி குறியீடு அனுப்பிக்கொண்டே இருந்தது, வாங்க ஆளில்லை. புது சிம் எடுப்பதென்றால் அடையாள அட்டையோடு நேரில் வா என்றார்கள். கலியாண வீட்டில் கைக்காசுக்கு மச்சானிடம் கை நீட்டியபடி நின்றேன்.

இப்போது நான் எல்லாருக்கும் செய்து கொடுப்பது இதுதான்: எங்கள் சிம் முதல் இடத்திலேயே இருக்கட்டும், அதற்கு டேட்டா ரோமிங்கை நிறுத்துங்கள், அங்கத்தைய சிம்மோ இ-சிம்மோ இரண்டாவதாக இருந்து இணையம் தரட்டும். ஆனால் குறுஞ்செய்தி வர, ரோமிங் சேவை இங்கே இருக்கும்போதே திறந்திருக்க வேண்டும். டேட்டா ரோமிங் வேறு, ரோமிங் சேவை வேறு. முற்கொடுப்பனவு சிம்மென்றால் வீட்டில் யாராவது இடைக்கிடை காசு போட வேண்டும். மாதக்கணக்கில் போடாவிட்டால் எண் செத்து, பிறகு இன்னொருவர் கைக்கும் போகலாம். உங்கள் குறியீடுகள் அவருக்குத்தான் வரும்.

பேஸ்புக்கில் பட்டப்பெயர்

கூகுள் கேட்காத அடையாள அட்டையை இவர்கள் கேட்கலாம். கணக்கில் ‘வன்னி வேங்கை’, பிறந்த நாள் ஜனவரி 1 என்றிருந்தால் எந்தக் கடவுச்சீட்டைக் காட்டுவீர்கள்? போக முதல் உண்மைப் பெயரையும் திகதியையும் போடுங்கள். பழைய அடையாள அட்டையில் ஆங்கிலப் பெயர் இராது, கடவுச்சீட்டே நல்லது.

வங்கியை அழைக்கும் நாலு இலக்க எண்

வெளிநாட்டிலிருந்து வேலை செய்யாது. அட்டையின் பின்னாலுள்ள +94 எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

மணிக்கூட்டைக் கையால் திருப்புவது

லண்டன் போன ஒரு ஐயா, Authenticator எண் ஒவ்வொரு தரமும் பிழை என்று வருகிறது என்று அழைத்தார். திரையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். நேரம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் நேர வலயம் இன்னும் கொழும்பு. கையால் முள்ளைத் திருப்பியிருக்கிறார். போனின் கணக்கில் அவர் நாலரை மணி நேரம் பிந்தி வாழ்ந்துகொண்டிருந்தார். குறியீடோ 30 வினாடிக்கு ஒருமுறை உலக நேரத்தைப் பார்த்துப் பிறப்பது. நேரத்தைத் தானாக எடுக்க விடச் சொன்னேன், அடுத்த எண்ணிலேயே திறந்துவிட்டது.