இரண்டு பிட் எண்ணின் வர்க்கத்தைத் தரும் சுற்று: சொற்களில் உள்ள கேள்வியிலிருந்து ஒரே ஐசி வரை

"இரண்டு பிட் எண் ஒன்றை உள்ளீடாகப் பெற்று, அதன் வர்க்கத்தை இரும எண்ணாக வெளியிடும் சுற்றை மிகக் குறைந்த கேட்டுகளைக் கொண்டு வடிவமைக்கவும்." டிஜிட்டல் மின்னணுவியல் படிக்கத் தொடங்கும் எவரும் இத்தகைய கேள்வியை விரைவிலேயே சந்திப்பார்கள். இதில் சமன்பாடும் இல்லை, அட்டவணையும் இல்லை. சொற்கள் மட்டுமே உள்ளன. அந்தச் சொற்களை அட்டவணையாக மாற்றி, அதைப் பிரெட்போர்டில் வேலை செய்யும் சுற்றாகக் கொண்டுவரும் வழியைப் பார்ப்போம்.

முதல் படி: எத்தனை கம்பிகள் உள்ளே, எத்தனை வெளியே?

உள்ளீடு இரண்டு பிட்டுகள். பெரிய மதிப்புடைய பிட்டை A என்றும், சிறிய மதிப்புடைய பிட்டை B என்றும் வைத்துக்கொள்வோம். இவற்றால் 0, 1, 2, 3 என்ற நான்கு எண்களை மட்டுமே குறிக்க முடியும். வெளியீட்டின் அளவைக் கேள்வி சொல்லவில்லை. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். வரக்கூடிய மிகப் பெரிய விடை 3-இன் வர்க்கமான 9. மூன்று பிட்டுகளில் 7 வரைதான் எழுத முடியும் என்பதால் நான்கு பிட்டுகள் தேவை. அவற்றை இடமிருந்து வலமாக P3, P2, P1, P0 என்று அழைப்போம். இந்தக் கணக்கைப் போடாமல் நேராக அட்டவணைக்குப் போகிறவர்கள், கடைசி வரிக்கு வந்த பிறகுதான் இடம் போதவில்லை என்று உணர்கிறார்கள்.

இரண்டாம் படி: உண்மை அட்டவணை

```
A B | P3 P2 P1 P0 | N²
0 0 |  0  0  0  0 | 0
0 1 |  0  0  0  1 | 1
1 0 |  0  1  0  0 | 4
1 1 |  1  0  0  1 | 9
```

சமன்பாடு எழுதும் முன் இந்த அட்டவணையை நெடுவரிசை நெடுவரிசையாக மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். P0 நெடுவரிசையும் B நெடுவரிசையும் ஒன்றேதான். ஆகவே P0-க்குக் கேட் எதுவும் வேண்டாம், B-இலிருந்து ஒரு கம்பியை இழுத்தால் போதும். P1 நெடுவரிசையில் முழுவதும் சுழியமே உள்ளது. இது தற்செயலாக நேர்ந்தது அல்ல. இரட்டைப்படை எண்ணின் வர்க்கம் எப்போதும் 4-ஆல் மீதியின்றி வகுபடும். ஒற்றைப்படை எண்ணின் வர்க்கத்தை 4-ஆல் வகுத்தால் எப்போதும் 1 மீதி வரும். ஆகவே எந்த வர்க்க எண்ணின் கடைசி இரண்டு பிட்டுகளும் 00 அல்லது 01 ஆகத்தான் இருக்க முடியும். நாளை மூன்று பிட் அல்லது எட்டு பிட் வர்க்கச் சுற்றை வரைந்தாலும், P1 சுழியமாகவும் P0 உள்ளீட்டின் கடைசி பிட்டாகவும் இருக்கும். உங்கள் அட்டவணையில் P1-இன் கீழ் ஓரிடத்தில் 1 வந்திருந்தால் அந்த வரி தவறு என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாம் படி: சமன்பாடுகள்

மீதமுள்ள இரண்டு நெடுவரிசைகளிலும் தலா ஒரு 1 மட்டுமே உள்ளது. ஒரே ஒரு 1 இருக்கும்போது சுருக்குவதற்கு ஒன்றுமில்லை என்பதால், கார்னாஃப் வரைபடம் இங்கே தேவையில்லை.

```
P3 = A·B
P2 = A·B'
P1 = 0
P0 = B
```

இரண்டு ஆண்ட் கேட்டுகள், ஒரு நாட் கேட், மொத்தம் மூன்று. தாளில் இதுவே மிகச் சிறிய விடையாகத் தோன்றும். ஆனால் கட்டும்போது ஆண்ட் கேட்டுக்கு 7408, நாட் கேட்டுக்கு 7404 என்று இரண்டு ஐசிகளை வைக்க வேண்டியிருக்கும்; அவற்றிலுள்ள பத்து கேட்டுகளில் ஏழு சும்மா கிடக்கும். கேட்டுகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், அவை எந்த ஐசியில் கிடைக்கின்றன என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதே என் கருத்து.

நான்காம் படி: நாண்ட் கேட்டுக்கு மாற்றுதல்

P2-ஐச் சற்று வேறு விதமாகப் பார்ப்போம். A 1 ஆக இருக்கும்போது, "A-யும் B-யும் சேர்ந்து 1 ஆக இல்லை" என்று சொன்னாலும் "B சுழியம்" என்று சொன்னாலும் பொருள் ஒன்றே. ஆகவே B' இருந்த இடத்தில் (A·B)' என்று எழுதலாம். விரித்தால் A·(A' + B') = A·B' என்று அதே விடை வரும். இந்த (A·B)' என்பதோ P3-ஐ உருவாக்கும் வழியில் எப்படியும் கிடைக்கப்போகும் சமிக்ஞை. எனவே தனியாக நாட் கேட் வேண்டியதில்லை.

```
G  = NAND(A, B)
P3 = NAND(G, G)
H  = NAND(A, G)
P2 = NAND(H, H)
```

இவை நான்கு நாண்ட் கேட்டுகள். ஒரு 7400 ஐசியில் இருப்பதும் சரியாக நான்குதான்.

ஐந்தாம் படி: இணைத்தல்

74HC00-ஐ எடுத்துக்கொண்டால், 14-ஆம் காலுக்கு 5 வோல்ட், 7-ஆம் காலுக்குத் தரை இணைப்பு. A-யை 1, 9 ஆகிய கால்களுக்கும், B-யை 2-ஆம் காலுக்கும் கொடுங்கள். 3-ஆம் காலில் G கிடைக்கும். அதை 4, 5, 10 ஆகிய மூன்று கால்களுக்கும் கொண்டுசெல்லுங்கள். 6-ஆம் கால் P3. 8-ஆம் காலில் வரும் H-ஐ 12, 13 ஆகியவற்றுக்குக் கொடுத்தால் 11-ஆம் காலில் P2 கிடைக்கும். வெளியீடுகளைக் காட்டும் ஒவ்வொரு எல்இடிக்கும் 1 கிலோ ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக வையுங்கள். உள்ளீட்டுக்கு 5 வோல்ட் தரும் சுவிட்ச் திறந்திருக்கும்போது அந்த உள்ளீடு அந்தரத்தில் நிற்காமலிருக்க, A, B இரண்டிலிருந்தும் தரைக்கு 10 கிலோ ஓம் மின்தடை வேண்டும். அது இல்லையென்றால் கையை அருகில் கொண்டுபோனாலே எல்இடி மாறுவதைக் காண்பீர்கள்.

ஆறாம் படி: சோதித்தல்

நான்கு வரிகளையும் சோதிக்க வேண்டும். 0-ஐயும் 3-ஐயும் மட்டும் போட்டுப் பார்த்துத் திருப்தியடைந்தால், A, B கம்பிகள் இடம் மாறியிருப்பது தெரியவே தெரியாது. 00, 11 இரண்டும் திருப்பினாலும் அப்படியேதான் இருக்கும். 1 கொடுத்தால் 4-உம், 2 கொடுத்தால் 1-உம் வருவதுதான் அந்தத் தவறின் அடையாளம்.

P1 எப்போதும் சுழியம் என்பதற்காக அந்தக் கம்பியை விட்டுவிடுவது இன்னொரு தவறு. வெளியீட்டை, எண் காட்டும் திரையை இயக்கும் 7447 போன்ற பழைய டிடிஎல் வகை ஐசிக்குக் கொடுத்தால், இணைக்கப்படாத உள்ளீட்டை அது 1 என்றே எடுத்துக்கொள்ளும். அப்போது 0, 1, 4 வர வேண்டிய இடங்களில் 2, 3, 6 தெரியும். இந்த மூன்று விடைகளிலும் 2 கூடுதலாக வந்தால் P1-ஐத் தரையோடு இணைக்க மறந்துவிட்டீர்கள் என்று பொருள்.

கடைசியாக, நாட் கேட்டைத் தவிர்த்ததற்கு ஒரு விலை உண்டு. B 1 ஆக இருக்கும்போது A சுழியத்திலிருந்து 1-க்கு மாறினால், அதாவது உள்ளீடு 1-இலிருந்து 3 ஆனால், G கீழே இறங்கச் சில நானோ வினாடிகள் ஆகும். அந்தச் சிறு இடைவெளியில் H-ஐ உருவாக்கும் கேட் புதிய A-யையும் பழைய G-யையும் சேர்த்துப் பார்ப்பதால், P2 ஒரு கணம் 1 ஆகி மீண்டும் இறங்கும். கேட்டுகளின் தாமதம் எல்லாம் சமம் என்று கொண்டால், 9-க்குச் செல்லும் வழியில் வெளியீடு 13-ஐத் தொட்டுவிட்டு வரும். ஆண்ட், நாட் கேட்டுகளால் ஆன முதல் வடிவத்தில் B மாறாத வரை B'-உம் சுழியமாகவே நிற்பதால், A மாறும்போது இந்தத் துள்ளல் வராது. எல்இடியில் இது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் P2-ஐ ஒரு கவுண்டரின் கடிகார உள்ளீட்டுக்குக் கொடுத்தால், அது ஓர் எண்ணைக் கூடுதலாக எண்ணிவிடக்கூடும். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு ஐசிகள் கொண்ட முதல் வடிவத்தையே கட்டுங்கள்.