மேலே குளிரில் படுக்கும் பேட்டரி, கீழே வெயிலில் கெட்டது

கேமரன் மலைக்குக் கார் எடுத்துப் போவதற்கு முந்தின நாள் காலை, எஞ்சினை முடுக்குமுன் மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றி, ஓர் இரவு விட்டு மறுபடி பாருங்கள். திரும்பவும் இறங்கியிருந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகும், திறன் குறையும். சூடு வந்ததும் திரும்பிவிடும். வெயில் செய்யும் சேதம் திரும்பாது. தண்ணீர் வற்றும், ஈயத் தகட்டின் சட்டம் அரிக்கும். ஏறக்குறைய 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது கணக்கு. செம்பனை ஆலை வாசலில் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் கார் அப்படித்தான் தேய்கிறது. ஆனால் சூட்டில் எஞ்சின் லேசாகச் சுற்றுவதால் வெளியே தெரியாது. மலையில் 15 டிகிரி விடியலில், கெட்டியான எண்ணெயைச் சுற்ற வலு போதாமல் 'டக் டக்' என்று மட்டும் கேட்கும்.

மூடி திறக்கும் வகையென்றால் தகடு மூழ்க வடிநீர் மட்டும் ஊற்றுங்கள். ஆசிட், குழாய்த் தண்ணீர் வேண்டாம். இந்த வோல்ட் கணக்கு லித்தியம் பேட்டரிக்குப் பொருந்தாது.