இரட்டை வளையச் சோதனை: முதல் பத்து நிமிடக் கணக்கில் அகழி வெட்டாதீர்கள்

கூரையில் விழும் மழைநீரை மண்ணுக்குள் இறக்க அகழி வெட்டும் முன், மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும் என்று அளப்பதுதான் இந்தச் சோதனை. 30 செ.மீ. விட்டத்தில் ஒரு வளையம், அதைச் சுற்றி 60 செ.மீ. வளையம். இரண்டையும் மண்ணில் அடித்து இறக்கி, தண்ணீர் ஊற்றி, உள்வளையத்தில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். சோதனை சுலபம்தான். எந்த அளவை எடுத்துக்கொள்வது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

காய்ந்த மண் முதலில் தண்ணீரை வெகு வேகமாக இழுக்கும். மண்துகள்களுக்கு நடுவே இருக்கும் காலி இடம் நிரம்ப நிரம்ப வேகம் குறையும். ஒரு மனையில் முதல் 10 நிமிடத்தில் 30 மி.மீ. இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 180 மி.மீ.! பலர் இத்தோடு வளையத்தைப் பிடுங்கிவிடுகிறார்கள். அதே இடத்தில் மூன்று மணி நேரம் கழித்து அரை மணிக்கு 9 மி.மீ.தான் இறங்குகிறது, அடுத்த அரை மணியிலும் அதே 9. இப்படி மாறாமல் நிற்கும் வேகம்தான் கணக்குக்கு உதவும்: மணிக்கு 18 மி.மீ. நாளடைவில் வண்டல் படிந்து அடைக்கும் என்பதால் அதிலும் பாதியை, அதாவது 9 மி.மீ. மட்டுமே நான் எடுப்பேன்.

100 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர். ஜல்லி நிரப்பிய அகழியில் தண்ணீருக்குச் சுமார் 40 சதவீத இடம்தான் கிடைக்கும். ஆக 12.5 கன மீட்டர் அகழி வேண்டும். 1.5 மீட்டர் ஆழத்தில் வெட்டினால் நிற்கும் தண்ணீரின் உண்மை உயரம் 60 செ.மீ. பக்கச்சுவர் உறிஞ்சுவதை விட்டுவிட்டால், 180 மி.மீ. கணக்கில் அது 3 மணி 20 நிமிடத்தில் வடிந்துவிடும், 9 மி.மீ. கணக்கில் 67 மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த மழை வந்தால் அகழி வழியும்.

நீளத்தைக் கூட்டி அதே ஆழத்தில் வெட்டினால் கொள்ளளவு கூடும், ஆனால் நிரம்பிய அகழி வடியும் நேரம் குறையாது. ஆழத்தைக் குறைக்க வேண்டும். 75 செ.மீ. ஆழம், சுமார் 17 சதுர மீட்டர் அடிப்பரப்பு என்று மாற்றினால் 33 மணியில் வடியும்.

இந்த 9 மி.மீ. எந்த ஆழத்து மண்ணுக்கு என்பதையும் கவனியுங்கள். மேல்மண்ணில் வேரும் புழுத்துளையும் இருப்பதால் தண்ணீர் தாராளமாக இறங்கும். அரை மீட்டருக்குக் கீழே களிமண் இருக்கலாம். அகழியின் அடிமட்டம் வரை தோண்டி, அங்கேதான் வளையத்தை இறக்க வேண்டும். ஆழத்தை மாற்றினால் சோதனையையும் புது ஆழத்தில் மறுபடி செய்துவிடுங்கள்.

அப்புறம், வெளிவளையத்தைக் காயவிடக் கூடாது. உள்வளையத்துத் தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே இறங்கவே அது இருக்கிறது. இரண்டிலும் மட்டம் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால், கடைசியில் கிடைத்த அந்த நிலையான எண்ணையும் நம்ப முடியாது.